பிஸ்கட் மாவு உதிர்ந்தால், பரவினால், கசந்தால்: கப் அளவைக் கிராமாக மாற்றும்போது எங்கே பிசகுகிறது

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது என் தங்கச்சி தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன் நகரின் ஃபீனிக்ஸ் பகுதியிலிருந்து போன் செய்தாள். "அக்கா, ஆயாவோட பட்டர் பிஸ்கட் போடுறேன். மாவு சேரவே மாட்டேங்குது. கையில பிடிச்சா உதிருது. கொஞ்சம் பால் ஊத்திப் பிசையட்டுமா?"

ஊற்றாதே என்று நிறுத்தினேன். கோதுமை மாவில் தண்ணீர் பட்டுப் பிசையப் பிசையப் பசைத்தன்மை கூடும். ரொட்டிக்கு அது நல்லது. பட்டர் பிஸ்கட்டுக்கு ஆகாது, கடிக்கக் கடிக்க ரப்பர் மாதிரி இழுக்கும். அதனால் பாலை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, மாவை எப்படி அளந்தாய் என்று கேட்டேன். "கப்பை டப்பாக்குள்ள விட்டு அள்ளினேன், மேல வழிச்சு விட்டேன்" என்றாள். கோளாறு அங்கேதான் இருந்தது.

ஆயாவின் அளவு எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். கேக் மாவு 3 கப், சீனி 1 கப், பட்டர் 250 கிராம், முட்டை 1, பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன். இதில் ஒன்றைக் கவனியுங்கள். பட்டர் மட்டும் கிராமில் இருக்கிறது. இங்கே பட்டர் 500 கிராம் கட்டியாகக் கிடைக்கிறது, பாதியாக வெட்டினால் 250. யார் வெட்டினாலும் அது பெரிதாக மாறாது. மாவோ கப்பில் இருக்கிறது, அள்ளுகிற கையைப் பொறுத்து மாறும். மாறாத ஒன்றும் மாறுகிற ஒன்றும் ஒரே பாத்திரத்தில் சேரும்போதுதான் கோளாறு வருகிறது. கீழே நான் சொல்லும் அறிகுறிகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் இதுதான்.

அறிகுறி: மாவு சேராமல் உதிர்கிறது, பிஸ்கட் வறண்டு வெடிக்கிறது

மாவு கூடிவிட்டது. எவ்வளவு கூடியது என்று தெரிந்துகொள்ள ஊகம் வேண்டாம், தராசு வேண்டும். தங்கச்சியிடம் தராசு இருந்தது. கப்பைத் தராசில் வைத்து முள்ளைச் சுழிக்குக் கொண்டுவந்து, முன்பு அள்ளிய அதே மாதிரி மூன்று தடவை அள்ளி நிறுக்கச் சொன்னேன். 168, 161, 166 என்று வந்தது. ஆக 3 கப் மாவு என்று அவள் போட்டது 495 கிராம்.

நான் இங்கே சாட்ஸ்வர்த்தில் என் டப்பாவிலிருந்து அளந்தேன். மாவை முதலில் ஒரு கரண்டியால் கிளறிவிட்டேன். அப்புறம் கரண்டி கரண்டியாகக் கப்பில் விட்டேன், தட்டவில்லை, அழுத்தவில்லை. மேலே கத்தியின் முதுகால் வழித்தேன். 141, 138, 141. மொத்தம் 420 கிராம். இரண்டு பேரும் அளந்தது அதே 250 மி.லி. கப், இரண்டு பேரும் போட்டது "3 கப்". நடுவில் 75 கிராம் வித்தியாசம். அதாவது அவள் போட்டது என் கணக்கில் மூன்றரைக் கப்புக்கும் மேல்.

பிசைந்த மாவை வீணாக்க வேண்டியதில்லை. 495-ஐ 420-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1.18. மாவு 18 சதவீதம் கூடிவிட்டது, அதனால் மற்றதையும் அதே அளவு கூட்டினால் சரி. பட்டர் 250-க்கு இன்னும் 45 கிராம். சீனி 210 கிராமுக்கு இன்னும் 38 கிராம், அதாவது 15 மி.லி. ஸ்பூனில் மூன்று. கூட்டும் சீனி பொடியாக இருந்தால் நல்லது, ஏனென்றால் பட்டரோடு அடிக்கும் வேளை தாண்டிவிட்டது. பெரிய சீனி கரையாமல் பிஸ்கட்டில் புள்ளி புள்ளியாக நிற்கும். பட்டரை உருக்காமல் மிருதுவாக்கி, இந்தச் சீனியோடு குழைத்து, உதிர்ந்த மாவில் விரல் நுனியால் சேர்க்கச் சொன்னேன். முட்டையையும் பேக்கிங் பவுடரையும் அப்படியே விட்டுவிட்டோம். கால் மணி நேரத்தில் மாவு திரண்டது. பிஸ்கட் கொஞ்சம் கூடுதலாகவே கிடைத்தது.

ஏன் மாவு மட்டும் இப்படி மாறுகிறது, சீனி ஏன் மாறுவதில்லை

தங்கச்சி அடுத்துக் கேட்டது இதைத்தான். "சீனியையும் அப்படித்தான் அள்ளினேன், அது மட்டும் சரியா?" சரிதான். நிறுத்துப் பார்க்கச் சொன்னேன். மூன்று தடவையும் 210-க்குப் பக்கத்திலேயே நின்றது, ஒன்றிரண்டு கிராம் முன்னே பின்னே.

மாவு லேசான பொருள், சீனி கனமான பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். பொருளாகப் பார்த்தால் இரண்டுக்கும் அவ்வளவு வித்தியாசம் கிடையாது. காற்றே இல்லாமல் ஒரு மில்லிலிட்டர் கெட்டிச் சீனி ஏறக்குறைய 1.6 கிராம் இருக்கும். மாவுத் துகளும் அதே மாதிரி 1.45 கிராம் அளவில் இருக்கும். கப்பில் வித்தியாசம் காட்டுவது நடுவில் நிற்கும் காற்று. 140 கிராம் மாவில் உண்மையான மாவு 100 மி.லி. இடத்தைக்கூடப் பிடிப்பதில்லை. 250 மி.லி. கப்பில் மீதி 150 மி.லி.க்கு மேல் காற்றுதான். சீனியில் கதை வேறு. 210 கிராம் சீனி சுமார் 130 மி.லி. இடத்தைப் பிடிக்கிறது, காற்று பாதிக்கும் குறைவு.

சீனி கடினமான, பெரிய படிகம். ஒன்றன் மேல் ஒன்று சறுக்கி உடனே தன் இடத்தில் உட்கார்ந்துவிடும். தட்டினாலும் அதற்கு மேல் அதிகம் இறங்காது. மாவு அப்படியில்லை. துகள் மிக நுண்ணியது, உருவம் ஒழுங்கற்றது, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டியபடி பாலம் மாதிரி நின்று நடுவில் காற்றைப் பிடித்து வைக்கும். சலித்தால் பாலங்கள் கூடும், கப் லேசாகும். அழுத்தினால் உடையும், கப் கனமாகும். கப்பை டப்பாவுக்குள் விட்டு அள்ளும்போது டப்பாவின் மாவையே ஒரு சுவராக வைத்துக் கப்புக்குள் அழுத்துகிறோம். தங்கச்சியின் கை செய்தது அதுதான்.

இதை நம்ப முடியாவிட்டால் ஐசிங் சீனியை நிறுத்துப் பாருங்கள். அதே சீனிதான், கட்டிவிடாமல் இருக்கக் கொஞ்சம் சோள மாவு சேர்த்திருப்பார்கள், அவ்வளவே. ஆனால் 250 மி.லி. கப்பில் 120 முதல் 130 கிராம்தான் வரும், சலித்தால் இன்னும் குறையும். சீனியை மாவு அளவுக்கு அரைத்ததும் அதுவும் மாவு மாதிரியே நடக்கத் தொடங்குகிறது. அதனால் சமையல் குறிப்பில் "சீனி 1 கப்" என்று இருந்து நீங்கள் ஐசிங் சீனி ஒரு கப் போட்டால், இனிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடும்.

பழுப்புச் சீனி இன்னொரு வகை. படிகத்தின் மேல் வெல்லப்பாகு ஈரம் படிந்திருப்பதால் அதுவும் ஒட்டிக்கொண்டு காற்றைப் பிடிக்கும். ஆகவேதான் பழைய புத்தகங்களில் அதை மட்டும் கப்பில் அழுத்தி அளக்கச் சொல்லியிருக்கும். அழுத்தினால் 250 மி.லி.க்குச் சுமார் 225 கிராம். மாவை அழுத்தக் கூடாது, பழுப்புச் சீனியை அழுத்த வேண்டும். இரண்டையும் ஒரே மாதிரி அளந்தால் ஒன்று தப்பும்.

அறிகுறி: பிஸ்கட் ஓவனில் பரவித் தட்டையாகிறது

இது முதல் அறிகுறிக்கு நேர் எதிர். மாவைச் சலித்துவிட்டு, சலித்த மாவைக் கப்பில் அளந்தால் 120 கிராம் பக்கத்தில் நிற்கும். 3 கப்புக்கு 360 கிராம். ஆயாவின் அளவுக்கு அறுபது கிராம் குறைவு. 250 கிராம் பட்டரைத் தாங்க அவ்வளவு மாவு போதாது, ஓவனில் பட்டர் உருகியதும் பிஸ்கட் ஓடிவிடும்.

சமையல் குறிப்பில் சொற்களின் வரிசையைப் பாருங்கள். "சலித்த மாவு 3 கப்" என்றால் சலித்தபின் அளக்க வேண்டும். "மாவு 3 கப், சலித்தது" என்றால் அளந்தபின் சலிக்க வேண்டும். கிராமில் நிறுத்தால் இந்தக் கேள்வியே எழாது, சலித்தாலும் சலிக்காவிட்டாலும் 420 கிராம் 420 கிராம்தான்.

மாவு சரியாக இருந்தும் பரவினால் அளவின் மேல் பழி போடாதீர்கள். டர்பனில் நவம்பர் மாத மத்தியானம் அடுப்பங்கரை எப்படிக் கொதிக்கும் என்று தெரியும். தட்டில் அடுக்கிய பிஸ்கட்டை அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு ஒரு தட்டு மட்டும் சுட்டுப் பாருங்கள். அது பரவாமல் நின்றால் கோளாறு சூட்டில், அளவில் இல்லை.

அறிகுறி: மாவு கல் மாதிரி, பிசையவே முடியவில்லை

இதற்கு ஒரே காரணம்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கப் 250 மி.லி., ஆகவே 250 கிராம் என்று எழுதிக்கொள்வது. மி.லி. இடத்தின் அளவு, கிராம் எடையின் அளவு. இரண்டும் ஒன்றாக வருவது தண்ணீருக்கு மட்டும். பால் ஏறக்குறைய ஒத்துப்போகும், 250 மி.லி. 257 கிராம் அளவில் வரும். மாவில் இதைச் செய்தால் 3 கப் 750 கிராம் ஆகிவிடும். 420 எங்கே, 750 எங்கே!

தெரியாமலே இதில் மாட்டிக்கொள்ளும் ஒரு வழியும் உண்டு. சில மின்தராசுகளில் மி.லி. என்று ஒரு பொத்தான் இருக்கும். அது இடத்தை அளப்பதில்லை, அளக்கவும் முடியாது. எடையைப் பார்த்துவிட்டு, இது தண்ணீர் என்று வைத்துக்கொண்டு எண்ணைக் காட்டுகிறது. மாவைப் போட்டு 250 மி.லி. வரும்வரை கொட்டினால் 250 கிராம் மாவு போயிருக்கும். அந்தப் பொத்தானைத் தண்ணீருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

250 மி.லி. கப்புக்கு நான் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி வைத்திருப்பது இவ்வளவுதான்:

கேக் மாவு, கரண்டியால் விட்டு வழித்தது: 140 கிராம்
வெள்ளைச் சீனி: 210 கிராம்
பழுப்புச் சீனி, அழுத்தியது: 225 கிராம்
ஐசிங் சீனி, சலிக்காதது: 125 கிராம்
பட்டர், எண்ணெய்: 230 கிராம்
உலர்ந்த தேங்காய்த் துருவல்: 80 கிராம்

அரைக் கப்புக்கு இதில் பாதி, கால் கப்புக்குக் கால்வாசி. ஆனால் கால் கப் என்று விற்கும் அளவையைக் கொஞ்சம் கவனியுங்கள், சில செட்டுகளில் அது 62.5 இல்லை, 60 மி.லி. மாவுக்கும் சீனிக்கும் அது பெரிய குற்றமில்லை.

அறிகுறி: நாக்கில் கசப்பு, அல்லது கேக் எழும்பி நடுவில் அமுங்குகிறது

இங்கே கப்பை விடுங்கள், ஸ்பூனைப் பாருங்கள். பேக்கிங் பவுடர், சோடா உப்பு இரண்டும் கொஞ்சமாகப் போவதால் ஒரு ஸ்பூனில் வரும் பிழை பெரிதாகத் தெரியும்.

டீஸ்பூன் எல்லா இடத்திலும் 5 மி.லி. என்று வைத்துக்கொள்ளலாம். டேபிள்ஸ்பூன்தான் நாடு விட்டு நாடு மாறுகிறது. இன்று இங்கே கடையில் கிடைப்பது 15 மி.லி. அமெரிக்க, பிரிட்டிஷ் குறிப்புகளுக்கும் அதுவே சரி. ஆஸ்திரேலியக் குறிப்பு என்றால் டேபிள்ஸ்பூன் 20 மி.லி., அதாவது நான்கு டீஸ்பூன். தென்னாப்பிரிக்காவிலேயே கொஞ்சம் பழைய புத்தகங்களில், ஆப்பிரிக்கான்ஸ் புத்தகங்களில் அதிகமாக, 12,5 மி.லி. என்ற அளவை வரும். அது இரண்டரை டீஸ்பூன். இங்கே தசமத்துக்குப் புள்ளிக்குப் பதில் கமா போடுவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். இந்தியாவிலிருந்து வந்த ஒரு அத்தை அதை 125 என்று படித்துக் கைநிறைய அள்ளப் போனதைக் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். ஒரு புத்தகம் எந்த ஸ்பூனில் எழுதியது என்று தெரியவில்லையா? உள்ளே 25 மி.லி., 12,5 மி.லி. என்று அடிக்கடி வந்தால் அது பழைய ஸ்பூன். 15, 30 என்று வந்தால் புதியது.

குறிப்பில் ஒரு டேபிள்ஸ்பூன் பேக்கிங் பவுடர் என்றிருந்து, எழுதியவர் மனதில் 12.5 இருந்து, நீங்கள் 20 மி.லி. ஸ்பூனில் போட்டால் ஒன்றரை மடங்குக்கும் மேல் போகிறது. கேக் வேகமாக எழும்பும், சுவர் பிடிக்கும் முன்பே அமுங்கும், பின்னால் ஒரு கசப்பு நிற்கும். சாப்பாட்டு மேசையில் கிடக்கும் கரண்டியால் அளப்பது இதைவிட மோசம், ஏனென்றால் அதற்கு அளவே கிடையாது.

இந்தச் சின்ன அளவுகளைக் கிராமாக மாற்ற முயல வேண்டாம் என்பது என் கருத்து. 5 மி.லி. பேக்கிங் பவுடர் நான்கைந்து கிராம்தான். வீட்டுத் தராசு ஒரு கிராம் ஒரு கிராமாகத் தாவும், அவ்வளவு சிறிய எடையில் ஒரு கிராம் தப்பினாலே கால்வாசி தப்பு. ஸ்பூனைக் குவிக்காமல் வழித்துப் போடுவதுதான் நம்பகம். மாவும் சீனியும் தராசுக்கு, பேக்கிங் பவுடரும் உப்பும் ஸ்பூனுக்கு.

அறிகுறி: எல்லாம் சரியாகச் செய்தும் கேக் கொஞ்சம் இறுகுகிறது

கப்பையே சோதியுங்கள். காலிக் கப்பைத் தராசில் வைத்துச் சுழியாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். 250 கிராம் காட்டினால் நம் ஊர்க் கப். 237, 240 பக்கம் நின்றால் அமெரிக்கக் கப். இணையத்தில் வாங்கும் செட்டுகளில் இது அடிக்கடி வருகிறது. 15 மி.லி. ஸ்பூனையும் இதே மாதிரி பார்க்கலாம், ஒரு ஸ்பூன் போதாது, பத்து ஸ்பூன் தண்ணீர் ஊற்றி 150 கிராம் வருகிறதா என்று பாருங்கள். ஆயா காலத்து நோட்டில் "டீ கப்" என்று எழுதியிருந்து அந்தக் கப் இன்னும் அலமாரியில் இருந்தால், அதிலேயே தண்ணீர் நிரப்பி நிறுத்து நோட்டில் எழுதிவிடுங்கள். கப் உடைந்தாலும் அளவு தப்பாது.

அமெரிக்கக் குறிப்பை நம் கப்பில் அளந்தால் எல்லாமே ஐந்து சதவீதம் அளவில் கூடும். மாவு, சீனி, பால் எல்லாம் கப்பில் இருந்தால் விகிதம் மாறாது, பெரிய பயமில்லை. முட்டையும், கிராமில் வெட்டிப் போட்ட பட்டரும் மட்டும் கூடாமல் நிற்கும். அந்தச் சின்ன வித்தியாசம்தான் இது. கல்யாணத்துக்காக நான்கு மடங்கு செய்தாலும் விகிதம் அதேதான்.

அமெரிக்கக் குறிப்பைக் கிராமாக மாற்றுகிறீர்கள் என்றால் என் பட்டியலை எடுக்காதீர்கள். அவர்கள் கப் சிறியது, மாவை அளக்கும் பழக்கமும் வேறு, ஒரு கப் 120, 125 கிராம் என்று கணக்கிடுகிறவர்கள் நிறைய. எழுதியவரே கிராம் கொடுத்திருந்தால் அதையே எடுங்கள். இன்னொரு பெயர்க் குழப்பமும் உண்டு. இங்கே கேக் மாவு என்பது எல்லாவற்றுக்கும் போடும் சாதாரண மைதா. அமெரிக்காவில் அதே பெயரில் விற்பது புரதம் குறைந்த, இன்னும் மிருதுவான வேறு மாவு. அவர்கள் பொது மாவு என்று எழுதும் இடத்தில்தான் நம் கேக் மாவு போகும்.

இத்தனையும் சரி, தராசு, கப், ஸ்பூன் எல்லாம் ஒத்துவருகிறது, ஆனால் ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் மகள் வீட்டில் மட்டும் அதே கேக் அமுங்குகிறது என்றால், அளவை மேலும் திருத்திக்கொண்டிருக்காதீர்கள். அந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு, அதனால் கேக் வேகமாக எழும்பும், ஈரம் வேகமாகப் போகும். அங்கே பேக்கிங் பவுடரை ஒரு டீஸ்பூனுக்கு முக்கால் டீஸ்பூனாக்கி, கப்புக்கு ஒரு டேபிள்ஸ்பூன் பால் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். டர்பன் அளவைக் கிராமில் எழுதிக் கொடுங்கள், அதன் பக்கத்தில் அவள் தன் ஊர் அளவைப் பென்சிலால் குறித்துக்கொள்ளட்டும்.